பாட்டி சேர் வாங்கினோம், பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை

ஐஸ்கணக்கு | 18 ஏப்ரல் 2023, இரவு 10.40

மகனுக்கு ரெண்டே முக்கால் வயது. ஒண்ணுக்கு வந்தால் இரண்டு மாதமாகச் சொல்லிவிடுகிறான், அதில் தகராறு இல்லை. ரெண்டுக்கு மட்டும் சேரில் உட்கார மாட்டேன் என்கிறான். தண்ணி டிரம்முக்குப் பின்னால் போய் நுனிக்காலில் நிற்கிறான், முகம் சிவக்கிறது, வேர்க்கிறது. பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடப் போய்விடுகிறான். ஆனால் சாயங்காலத்துக்குள் நாலைந்து ஜட்டியில் கறை.

அம்மா இதைத் திமிர் என்கிறது. போன வாரம் கரண்டியை அடுப்பில் காய்ச்சி முகத்துக்கு நேரே காட்டி, "இன்னொரு தடவை ஜட்டில போனா தொடையில வச்சிருவேன்" என்றது. வைக்காது, எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே. அதற்கு முன்பு வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைத்திருக்கிறது, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். அப்பா தன் பங்குக்கு, "விளக்குமாத்தால ரெண்டு வச்சா ஒரு நாள்ல பழகிடும், நீ அப்படித்தான் பழகுனே" என்கிறார்.

இவர்கள் மிரட்டித்தான் பையன் கெட்டுப்போனான் என்பது என் கட்சி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஐஸ் கம்பெனியில் பாதி நாள்தான் வேலை, ஜூன் 14 வரை நான் வீட்டில் இருப்பேன். அதற்குள் இவனைப் பழக்க வேண்டும். அதைவிட முக்கியம், இவர்களை நிறுத்த வேண்டும். எப்படி?

தொண்டிக்காரி | 18 ஏப்ரல், இரவு 11.15

என் மகள் ஐந்து வயது வரை பாயை நனைத்தாள். மாமியார் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீரே கொடுக்க விடவில்லை. ஈரப் பாயைத் தெருவில் எல்லாரும் பார்க்கக் காயப்போடுவார். ஒன்றும் பலிக்கவில்லை. தானாக நின்றது. விட்டுவிடுங்கள் அண்ணே.

ஓட்டை வத்தை | 19 ஏப்ரல், காலை 5.50

எல்லாத்துக்கும் காரணம் அந்த டயப்பர். நாங்க ஒரு வயசுல ஆத்தா கால்ல உக்காந்து போனோம், நடக்கத் தெரிஞ்சதும் கடலோரத்துல மணல்ல குந்துனோம். ஒரு பயலுக்கும் மலச்சிக்கல் கிடையாது. சேர்ல உக்காந்து போறது வெள்ளைக்காரன் பழக்கம். குந்த வை, வரும்.

ஐஸ்கணக்கு | 19 ஏப்ரல், காலை 7.05

தொண்டிக்காரி, நான் கேட்டது ராத்திரி விஷயம் இல்லை. இவன் பகலில் நனைப்பதும் இல்லை.

பெரியவரே, டயப்பர் வெளியூர் போகும்போது மட்டும்தான். குந்தச் சொன்னால் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான், குந்த மாட்டேன் என்கிறான்.

உச்சிப்புளி அக்கா | 19 ஏப்ரல், பகல் 1.30

தம்பி, நான் இருபத்தைந்து வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். நாலு விஷயம் பார்த்துச் சொல்லு. ஜட்டியில் படுவது கட்டியா, பிசுபிசுப்பா? முழுசாகப் போனது கடைசியாக எப்போது, எவ்வளவு பெரிசு? அதன்மேல் ரத்தக்கோடு இருந்ததா? நாலாவதுதான் முக்கியம்: டிரம்முக்குப் பின்னால் நிற்கும்போது முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். முக்குகிற பிள்ளை குந்தும், இல்லை காலை அகட்டும். காலைச் சேர்த்து இறுக்கினால் அது முக்கல் இல்லை.

ஐஸ்கணக்கு | 21 ஏப்ரல், இரவு 9.20

பார்த்தேன். இரண்டு நாளில் ஏழு தடவை டிரம்முக்குப் பின்னால் போனான். ஏழு தடவையும் கால் ஒன்றின்மேல் ஒன்று, முழங்கால் விறைப்பு, பின்புறம் இறுகிக் கிடக்கிறது. ஒரு தடவை கதவைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஆடினான். இத்தனை நாளாக நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று "முக்கு, முக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் வெளியே தள்ளவே இல்லை. வருவதை உள்ளே அடக்கிக்கொண்டிருந்தான்.

ஜட்டியில் படுவது பிசுபிசுப்பு, தண்ணீர் மாதிரி, வாடை அதிகம். முழுசாகப் போனது எட்டு நாளைக்கு முன்பு. அது பெரியவர்கள் போகிற தடிமன், கக்கூஸ் அடைத்துக்கொண்டது. மேலே சிவப்புக் கோடு இருந்ததாக மனைவி சொல்கிறாள். அம்மா அதைப் பார்த்து, "சூட்டுல வந்துருக்கு, நுங்கு குடு" என்றதாம்.

கீழக்கரை சபுராளி | 21 ஏப்ரல், இரவு 11.50

தண்ணியாப் போகுதுன்னா பேதி. பால், பழத்தை நிறுத்துங்க. உப்பு சர்க்கரைக் கரைசல் குடுத்து, ஜவ்வரிசிக் கஞ்சி குடுங்க, கட்டிடும். என் தங்கச்சி மகனுக்கு அப்படித்தான் நின்னுச்சு.

உச்சிப்புளி அக்கா | 22 ஏப்ரல், காலை 6.40

கட்டவே கூடாது! ஏற்கெனவே கட்டிக்கிடக்கிறது. பேதி என்றால் கரைசல் சரிதான், அதில் தப்பில்லை. ஆனால் எட்டு நாள் அடைத்துக்கிடக்கிற பிள்ளைக்கு ஜட்டியில் படுவது பேதி இல்லை. பெரிய கட்டி கீழே உட்கார்ந்திருக்கிறது, மேலிருந்து வருகிற இளகல் அதன் ஓரமாகக் கசிகிறது. அது கசிவது பிள்ளைக்கே தெரியாது. அதற்குத்தான் உங்கள் வீட்டில் கரண்டி காய்ச்சினார்கள். இதை நீங்களே வீட்டில் பழக்கிச் சரிசெய்ய முடியாது, குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோ. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. விட்டுவிட்டுப் போகாதே.

ஐஸ்கணக்கு | 25 ஏப்ரல், இரவு 10.10

நேற்று ராமநாதபுரம் போனோம். அம்மா வராது என்றுதான் நினைத்தேன். "நானும் வந்து கேக்குறேன், டாக்டர் என்ன சொல்றார்னு" என்று சேலை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக பஸ் ஏறியது. என்னைப் போட்டுக்கொடுக்கப் போகிறது என்று வழியெல்லாம் எனக்கு யோசனை.

டாக்டர் பையனைப் படுக்கவைத்து அடிவயிற்றின் இடது பக்கம் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையை வாங்கி அதே இடத்தில் வைத்தார். "என்ன தட்டுப்படுதும்மா?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பனங்கிழங்கு மாதிரி இருக்கு" என்றது.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். ஒரு தடவை இறுகிப் போகும்போது கிழிந்து வலித்திருக்கிறது. அடுத்த தடவை வரும்போது அந்த வலி ஞாபகம் வந்து அடக்கியிருக்கிறான். அடக்க அடக்கக் குடல் அதிலிருக்கிற தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அது இன்னும் இறுகிப் பெரிதாகிறது. அடுத்தது இன்னும் வலிக்கிறது. நாள் போகப் போக அந்த இடம் விரிந்து, வருகிற உணர்ச்சியே மங்கிவிடுகிறது. இதில் திமிருக்கு இடமே இல்லை என்றார்.

இரண்டு உத்தரவு. ஒன்று, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ருசியில்லாத வெள்ளைப் பொடி. எடை பார்த்துத்தான் எழுதினார், இவன் 13 கிலோ. அளவை இங்கே போட மாட்டேன், உங்கள் பிள்ளை எடை வேறு. இரண்டாவது உத்தரவில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: பழக்குவதை நிறுத்துங்கள். சேரைக் கண்ணில் படாமல் எடுத்துவையுங்கள், அவன் டயப்பர் கேட்டால் டயப்பரிலேயே போகட்டும், வலியில்லாமல் போக முடியும் என்று முதலில் அவன் உடம்பு நம்ப வேண்டும் என்றார்.

தடைக்காலத்துக்குள் பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டவன் நான்.

ஐஸ்கணக்கு | 25 ஏப்ரல், இரவு 10.45

விட்டுப்போனது. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு மூலம் வந்தப்ப நாலு நாள் சோறே திங்காமக் கிடந்தேன், உள்ள போனாத்தானே வெளிய வரும்னு" என்றது. நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளாக மனதில் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் வீணாகப் போனது.

ஐஸ்கணக்கு | 30 ஏப்ரல், பகல் 3.00

பொடி கொடுக்க ஆரம்பித்தபின் முதல் இரண்டு நாள் நிலைமை மோசம். கசிவு கூடிவிட்டது, ஒரே நாளில் பதினொரு ஜட்டி. அப்பா, "மருந்துதான் இப்படிப் பிடுங்குது, நிறுத்து" என்று சத்தம். அக்காவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். உள்ளே இருக்கும் கட்டி இளகி வெளியேறும்வரை அப்படித்தான் இருக்கும், நிறுத்தினால் பாதியில் நிற்கும் என்றார். நாலாம் நாள் விடியற்காலையில் டயப்பரில் போனான். ஒரு சொம்பு அளவு. அழவில்லை. ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், தொழில் புத்தி. தேதி, எத்தனை தடவை, கட்டியா கூழா, அழுதானா. டாக்டர் இதைத்தான் அடுத்த தடவை கேட்பாராம். கூழ் பதம்தான் நமக்கு வேண்டியது, அந்தப் பதம் வரும்வரை பொடியைக் கூட்டிக் குறைப்பது அவர் வேலை.

ஓட்டை வத்தை | 1 மே, காலை 5.30

இதுக்கா டவுன் டாக்டர்? எங்க காலத்துல மூக்கைப் பிடிச்சு ஒரு சங்கு விளக்கெண்ணெய். மத்தியானத்துக்குள்ள வயிறு காலி.

உச்சிப்புளி அக்கா | 1 மே, காலை 9.10

ஐயா, கோபிக்காமல் கேளுங்கள். மூக்கைப் பிடித்தால் பிள்ளை அழும், அழுதுகொண்டே மூச்சை இழுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போனால் வெளியே வராது. இருமலும் இளைப்புமாக வந்து வார்டில் வாரக்கணக்கில் கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். காம்பு, சோப்புத் துண்டு வைப்பதும் அந்த நேரத்துக்கு வரவைக்கும், சரி. ஆனால் சோப்பு உள்ளே புண்ணாக்கும். அதோடு வலிக்கிற இடத்தில் பெரியவர்கள் இன்னொரு தடவை கையை வைக்கிறார்கள் என்று பிள்ளை இன்னும் இறுக்கும்.

நீங்கள் குந்துவதைப் பற்றிச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. பிளாஸ்டிக் சேரில் கால் தரையில் எட்டாமல் தொங்கினால் எந்தப் பிள்ளைக்கும் முக்க வராது. முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்க வேண்டும்.

ஓட்டை வத்தை | 1 மே, காலை 9.25

அதத்தான நானும் சொன்னேன்.

ஐஸ்கணக்கு | 6 மே, இரவு 11.30

முதல் பதிவில் ஒரு கட்சி கட்டியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும்.

மனைவியும் நானும் உட்கார்ந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். இவன் டிரம்முக்குப் பின்னால் போக ஆரம்பித்தது தை மாதம். அம்மா கரண்டி காய்ச்சியது பங்குனி கடைசி. அப்படியானால் கரண்டி ஆரம்பம் இல்லை. ஆரம்பம் மார்கழியில் வந்த காய்ச்சல். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, பால் மட்டும் குடித்தான். காய்ச்சல் போன பிறகும் பால் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், அளந்து பார்த்தால் 800 மில்லி. டாக்டர் 500-க்கு மேல் வேண்டாம் என்றார், வயிறு பாலிலேயே நிறைந்துவிடுவதால் சோறும் காயும் இறங்குவதில்லையாம். பாலை நிறையக் கொடுத்தது அம்மா இல்லை, நாங்கள்தான். டம்ளரை நீட்டினால் தூங்கிவிடுவான், எங்களுக்கு நிம்மதி.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தக் குடத்தை எடுத்துப் பிள்ளை விளையாடிவிடக் கூடாது என்று பரண் உயரத்தில் வைத்திருக்கிறோம். இவன் கேட்டால்தான் தண்ணீர். ரெண்டே முக்கால் வயசுப் பிள்ளை விளையாட்டை விட்டுவந்து தண்ணீர் கேட்குமா? இப்போது அவனுக்கென்று ஒரு சின்னச் சொம்பு, கீழே, எப்போதும்.

கழுவுவதும் அந்த உப்புத் தண்ணீரில்தான். கிழிந்த இடத்தில் அது எரிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கழுவும்போது கத்துவான், நாங்கள் அதையும் அடம் என்றோம். இப்போது ஒரு செம்பு நல்ல தண்ணீர், துடைத்தபின் கொஞ்சம் தேங்காயெண்ணெய். கத்துவது மூன்றே நாளில் நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஜட்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டி நானும் கத்தியிருக்கிறேன். என் கையில் கரண்டி இல்லை, அவ்வளவுதான்.

கீழக்கரை சபுராளி | 7 மே, இரவு 12.20

பேதின்னு சொன்னது தப்புதான், மன்னிக்கணும். தங்கச்சிகிட்ட கேட்டேன். அவ மகனுக்கும் நின்ன பிறகு பத்து நாள் வராமக் கிடந்துச்சாம். இப்ப அவ பயந்துட்டா.

உச்சிப்புளி அக்கா | 7 மே, காலை 7.00

பயப்பட வேண்டாம், காட்டச் சொல்லுங்கள். பிறந்து இரண்டு நாள் கழித்துத்தான் முதல் மலம் போனது, வயிறு உப்பி வாந்தி, எடை ஏறவில்லை, கால் பலவீனம், இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள். அது வேறு வியாதியாக இருக்கலாம்.

ஐஸ்கணக்கு | 13 மே, இரவு 9.45

தலைப்பின் கதை. பிப்ரவரியில் ஆன்லைனில் வாங்கும்போது மனைவி, "அத்தே, பையனுக்கு பாட்டி சேர் வருது" என்றாள். அம்மா முகம் மலர்ந்து, "எனக்கு எதுக்குடி சேரு, நான் தரையிலதான உக்காருவேன்" என்றது. பெட்டியைப் பிரித்துப் பச்சை நிறத்தில் ஓட்டை போட்டதை வெளியே எடுத்ததும் ஒரு வாரம் எங்களோடு பேச்சு இல்லை.

இப்போது விஷயம். பதினாறு நாளாகப் பதம் கூழாகவே இருக்கிறது, அழுகை இல்லை, கசிவு இரண்டு நாளுக்கு ஒரு தடவை. டிரம்முக்குப் பின்னால் போவது குறைந்துவிட்டது. இனி மெல்ல உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சாப்பிட்டு முடித்து இருபது நிமிடம் கழித்து, அதிகபட்சம் ஐந்து நிமிடம், வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி எழுந்து ஓடலாம். வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் வித்தை.

சேரைக் கண்டதும் ஓடினான். சேருக்கும் கரண்டிக்கும் அவன் மனதில் ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது. அப்போது அம்மா, "விடு, நான் கால்ல வச்சுப் பாக்குறேன்" என்றது. மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதத்துக்கும் நடுவே இடம் விட்டு, பாதத்தின்மேல் அவனை உட்காரவைத்து முதுகை முழங்காலில் சாய்த்துக்கொண்டது. நான் அப்படித்தான் வளர்ந்தேனாம். அவன் மறுக்கவே இல்லை. அம்மா கடலில் கப்பல் வருகிற கதை சொன்னது. மூன்று நாளும் ஒன்றும் வரவில்லை, ஆனால் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நாலாவது நாள் அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. 13 கிலோ அல்லவா.

அங்கேதான் ஓட்டை வத்தைப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. கொல்லையில் பனைமரத்தடியில் இரண்டு செங்கல் போட்டோம், நடுவில் ஒரு தட்டையான பேசினில் கடல்மணல். அம்மா எதிரே மணையில் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறது. பூனை மாதிரி மணலைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் குந்துகிறான். நேற்றுக் காலை இட்லிக்கு அப்புறம் போனான். மணலில் விழுந்ததை எழுந்து நின்று பார்த்துவிட்டு, "கப்பல்" என்றான்.

ஓட்டை வத்தை | 14 மே, காலை 5.15

நான் சொல்லி ஒரு பய கேட்டது இதுதான் முதல் தடவை.

உச்சிப்புளி அக்கா | 14 மே, காலை 8.30

நல்லது. ஆனால் தம்பி, மணலை அங்கேயே மூடிவிட்டுப் போகாதே. பிள்ளை மலம்தானே என்று நினைப்பார்கள், பூச்சி முட்டையும் கிருமியும் அதிலும் பெரியவர்கள் அளவுக்கு இருக்கும். அள்ளிக் கக்கூஸில் போடு, பேசினைக் கழுவு, உன் கை, அம்மா கை, அவன் கை, மூன்றுக்கும் சோப்பு.

தொண்டிக்காரி | 14 மே, இரவு 10.00

எங்கள் வீட்டில் நான்கு பேர் இதைப் படிக்கிறோம். மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப ஈரப் பாயைத் தெருவுல போட்டது தப்புங்கிறியா" என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஐஸ்கணக்கு | 24 மே, இரவு 11.10

சறுக்கல். 19-ஆம் தேதி மறுபடி டிரம்முக்குப் பின்னால். 20, 21 ஒன்றும் போகவில்லை. 22 கசிவு. செங்கல்லைக் கண்டதும் காலைப் பின்னுகிறான். என்ன செய்தோம் என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாப்பாடு அதே, பால் இரண்டு டம்ளர்தான், யாரும் திட்டவில்லை.

இன்று அம்மா தானாக வந்து சொன்னது. பையன் ஐந்து நாளாக ஒழுங்காகப் போனதைப் பார்த்து, 15-ஆம் தேதியிலிருந்து பொடியைச் சேர்க்காமல் வெறும் தண்ணீர் கொடுத்திருக்கிறது. "தினம் மருந்து குடுத்தா குடல் அதுக்குப் பழகிப்போயிடாதா? அப்புறம் காலம் பூரா மருந்துதானே?" என்று கேட்டது. கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் எனக்கே உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது, அதனால் சண்டை போட முடியவில்லை.

உச்சிப்புளி அக்கா | 25 மே, காலை 6.20

எல்லா வீட்டிலும் இங்கேதான் வழுக்குகிறார்கள், படித்தவர்கள்கூட. அந்தப் பொடி குடலைப் பிழிந்து தள்ளுகிற மருந்து இல்லை. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது, அதற்குக் குடல் அடிமையாகாது. விரிந்துபோன இடம் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கூழாகவே போக வேண்டும். ஐந்து நாள் நன்றாகப் போனது பொடியினால்தான், பொடி தேவைப்படாததால் இல்லை. குறைந்தது இரண்டு மாதம், பல பிள்ளைகளுக்கு ஆறு மாதமும் மேலும். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

அம்மாவிடம் வேறு மாதிரிச் சொல்லிப் பார். கை ஒடிந்தால் மாவுக்கட்டை வலி நின்றதும் பிரிப்போமா?

ஐஸ்கணக்கு | 27 மே, இரவு 9.00

மாவுக்கட்டு உதாரணத்தைச் சொன்னேன். "புத்தூர்க் கட்டை நாப்பது நாளைக்கு முன்ன பிரிச்சா எலும்பு கோணும்" என்று அம்மாவே மீதியைச் சொல்லி முடித்தது. பொடி கலக்கும் வேலையை இனி அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். ஒளித்து நிறுத்துகிறவரிடம் சாவியைக் கொடுப்பதா என்று மனைவி கேட்டாள். பார்ப்போம்.

அப்பா விஷயத்தில் எனக்கு வெற்றி இல்லை. விளக்குமாற்றை எடுக்கவில்லை என்றாலும் பையன் கறைபட்ட ஜட்டியோடு குறுக்கே போனால், "சீ, நாத்தம், அங்கிட்டுப் போ" என்கிறார். அவன் அன்றைக்கு அடக்குகிறான். நோட்டில் இரண்டு தடவை ஒத்துப்போகிறது, இரண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

ஐஸ்கணக்கு | 5 ஜூன், இரவு 10.30

சேர்க்க நினைத்திருந்த மழலையர் பள்ளியில் கேட்டேன். "ரெண்டுக்குப் பழகாத பிள்ளையை எடுக்க மாட்டோம், ஜூன் கடைசிக்குள் பழக்கிக் கொண்டுவாங்க" என்றார்கள். டாக்டர் சீட்டைக் காட்டினேன், அந்த அம்மா படிக்கவே இல்லை. அப்பா அளவுக்குத்தான் அவர்களுக்கும் விவரம். கட்டிய முன்பணம் திரும்பி வருமா தெரியவில்லை. இந்த வருஷம் வேண்டாம் என்று மனைவி முடிவு சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

27-லிருந்து நேற்று வரை ஒன்பது நாளில் ஏழு நாள் போயிருக்கிறான். அதில் செங்கல்லில் நாலு, டயப்பரில் மூன்று. டயப்பரில் போன மூன்றையும் அம்மா "தோல்வி" என்கிறது. நான் போனால் சரி என்கிறேன். இதில் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தொண்டிக்காரி | 6 ஜூன், காலை 11.00

செங்கல்லை எத்தனை அடி இடைவெளியில் போட்டீர்கள்? இரண்டாவது பையனுக்கு வேண்டும்.

ஐஸ்கணக்கு | 6 ஜூன், பகல் 1.15

அடிக் கணக்கு இல்லை, அவன் தோள் அகலம். அகலமாகப் போட்டால் வழுக்கும். சாய்ந்து ஆடாமல் மணலில் பாதி புதைத்துவிடுங்கள்.

ஐஸ்கணக்கு | 14 ஜூன், இரவு 8.50

நாளை படகுகள் இறங்குகின்றன. கம்பெனியில் நேற்றிலிருந்தே ஐஸ் உடைக்கிறார்கள், எனக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு வேலை. மனைவிக்குப் பள்ளி திறந்துவிட்டது. இனி காலை நேரம் முழுக்க அம்மா கையில்தான்.

நோட்டை யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், எழுத மாட்டார். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொல்லைக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது, அந்தக் காலத்தில் தயிர்க்காரி கணக்குக்குப் போடுகிற மாதிரி. நின்ற கோடு செங்கல்லில் போனது, படுத்த கோடு டயப்பரில். அழுதால் பக்கத்தில் ஒரு புள்ளி. பொடி கொடுத்ததற்குத் தனியாக ஒரு வரிசை.

பொடி வரிசையை மட்டும் எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. கேட்டேன். "இன்னைக்கு ராத்திரிக்கு உள்ளது இன்னும் குடுக்கலைல, அதுக்குள்ள எண்ணுனா?" என்றது.